பாலசுப்பிரமணியம் ஏற்றுக்கொண்ட விதம்

என் வீட்டுக்காரர் பாலசுப்பிரமணியம், தீவுக்குத் தீவு போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் ஆபீசில் ஹெட் கிளார்க். இத்தனை வருஷமாக அவர் பார்த்த வேலையின் சாரம் என்னவென்றால், ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்காமல் "நஹி ஹை", டிக்கெட் இல்லை, என்று இந்தியில் சொல்வது. வங்காளியோ தெலுங்கரோ நம்மவரோ, யாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். மனுஷர்களே போகும்போது மனசில் வரும் நினைப்பு போகாதா என்ன என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையால் எங்கள் ஒரே மகள் எங்களை விட்டுப் போக இருந்தாள்.

மகள் அகிலா கல்யாணம் செய்துகொண்டது ரவிச்சந்திரனை. சிப்பிகாட் விவசாயப் பண்ணையில் வேலை. அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியது. சுனாமிக்குப் பிறகு அங்கிருந்தும் கிளம்பி, சிப்பிகாட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். தங்கமான பையன். ஆனால் என் வீட்டுக்காரர் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். தோட்டத்து ஆட்கள் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் மறக்கவில்லை.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். டெலானிபூரில் மலைச்சரிவில் இருக்கும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், இரண்டாம் மாடி. பெண் குழந்தை பிறந்தது. மனுஷன் தலைகால் புரியாமல் ஆடினார். ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். ஒரு நாள் சாயங்காலம் அப்படித்தான் காக்கா காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளே வந்து குழந்தையை என் கையில் திணித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னவென்று கேட்டதற்குப் பித்தம் என்றார். அன்றோடு குழந்தையைத் தொடுவதை நிறுத்திவிட்டார்.

முதலில் ஜலதோஷம், பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். பிறகு முதுகுவலி. அதன் பிறகு வலது கையில் சுளுக்கு என்று துணிக்கட்டு ஒன்று போட்டுக்கொண்டார். அகிலா குழந்தையோடு சிப்பிகாட்டுக்குத் திரும்பிப் போன பிறகு, நாங்கள் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தக் கட்டு முளைக்கும். ஒரு ஞாயிறு அவசரத்தில் இடது கையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அகிலா அதைப் பார்த்தாள். டீயை டொக்கென்று வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. பிடித்த பிடியில் சொல்லிவிட்டார். பால்கனியில் நின்றபோது, கம்பிக்கு வெளியே குழந்தையைப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்ததாம். போடுவது போலவே ஒரு காட்சியும் வந்ததாம். அப்போதிலிருந்து குழந்தையைப் பார்த்தாலே, ஏன், குழந்தையின் போட்டோவைப் பார்த்தாலே அது வருகிறதாம். "மதி, நான் கொலைகாரனா?" என்று கேட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். கரப்பான்பூச்சியை அடிக்கவே என்னைக் கூப்பிடுகிற மனுஷன் இவர்.

அன்று நான் ஆறுதல் சொன்னேன். நீங்கள் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்றேன். அது நான் செய்த தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் காபிக்கு முன்னால் ஒரு தடவை கேட்டார், காபிக்குப் பிறகு ஒரு தடவை. சாம்பாரில் உப்புப் பார்க்கச் சொன்னால், பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு. நான் செய்ய மாட்டேன்ல?" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் மாட்டீங்க, மாட்டீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்ன ஐந்து நிமிஷத்துக்கு நிம்மதியாக இருப்பார். அதன் பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

நடுவில் அவரே வைத்தியம் தேடினார். ஆபீசில் கூட வேலை பார்க்கும் வங்காளி அண்ணன், பிஸ்வாஸ் தாதா, ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, கெட்ட நினைப்பு வந்தால் சுரீர் என்று இழுத்துவிட வேண்டுமாம். கை தடித்து வீங்கியது, நினைப்பு அப்படியே இருந்தது. பிறகு போனில் வந்த வீடியோவில் ஒரு மேடைப் பேச்சாளர், நெகட்டிவ் எண்ணம் வந்தால் "கேன்சல், கேன்சல்" என்று உரக்கச் சொல்லச் சொன்னார். இவர் அதை டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்து சொன்னால் என்ன ஆகும்? கப்பல் கேன்சல் என்று பெரிய ரகளையாகிவிட்டது. மேலதிகாரி கூப்பிட்டு, லீவு போட்டுவிட்டு உடம்பைப் பாரும் என்று அனுப்பிவிட்டார். பால்கனிக் கதவுக்குப் பூட்டு வந்தது. துணி காயப்போட நான் மொட்டை மாடிக்கு ஏறினேன். நினைப்பு இருந்த இடத்தில் சௌகரியமாக இருந்தது. கஷ்டப்பட்டதெல்லாம் நானும் துணியும்தான்.

இந்த நேரத்தில் அகிலாவிடமிருந்து போன் வந்தது. குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்துவதுதான் வழக்கம். அகிலாவுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் இல்லாவிட்டால் தாய்வழித் தாத்தா மடியில் வைப்பது எங்கள் பக்கமும் உண்டு, அவர்கள் பக்கமும் உண்டு. சம்பந்தி ராசம்மாவும் அதையே சொல்லியிருக்கிறார். அகிலா என்னிடம் நேராகவே பேசினாள்.

"அப்பா மடியில வெச்சுக்குவாரா மாட்டாரா, கேட்டுச் சொல்லும்மா. மாட்டார்னா ரவியோட ஒண்ணுவிட்ட அண்ணன் வெச்சுக்குவார். ஆனா அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் இங்க வர வேண்டாம். தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளையைத் தொட அருவருப்பா இருக்கிறவரு, எங்க வீட்டு டீயையும் குடிக்க வேண்டாம்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இவர் எதிரில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். சொன்னால் பேத்தியைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டாள் என்று பயம். அருவருப்பு என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும், கொலைகாரன் என்று நினைக்காமல் இருந்தால் போதும் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாளே இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே முதலில் டாக்டர் பார்த்தார், பிறகு சைக்காலஜிஸ்ட் வைஜெயந்தி மேடத்திடம் அனுப்பினார். எங்கள் அகிலாவைவிட நாலைந்து வயசு மூத்த பெண், தூத்துக்குடிப் பக்கம். நிதானமாக எல்லாம் கேட்டாள். குழந்தை மேல் கோபம் உண்டா, அப்படிச் செய்ய ஆசை ஏதாவது உண்டா, யாரையாவது அடித்திருக்கிறாரா, காதில் குரல் கேட்கிறதா, தூக்கம் எப்படி என்று. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் சொன்னாள். இப்படி நினைப்பு வருவது ரொம்பப் பேருக்கு உண்டு, வந்து போய்விடும். இவருக்கு வந்தது போகாமல் இருப்பதற்குக் காரணம், இவர் உயிராக நினைக்கிற ஒன்றில் அது கை வைத்ததால், விடாமல் அதோடு மல்லுக்கு நின்றதுதான். நினைப்பு என்பது உத்தரவு அல்ல, ஆசையும் அல்ல என்றாள். இவருக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது. எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள்.

பிறகு, அந்த நினைப்பை விரட்ட இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ரப்பர் பேண்டிலிருந்து பால்கனிப் பூட்டு வரை எல்லாவற்றையும் பெருமையாகவே சொன்னார். அந்த நிமிஷத்துக்கு உதவியதா என்றாள். உதவியது என்றார். போகப் போக நினைப்பு குறைந்ததா, கூடியதா என்றாள். கொஞ்சம் யோசித்துக் கூடியது என்றார். இந்தச் சண்டைக்கு நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்றாள். பேத்தி என்று நான்தான் சொன்னேன்.

அவள் செய்கிற சிகிச்சைக்கு ஆக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி என்று பெயர், சுருக்கமாக ஆக்ட். நினைப்பை ஜெயிப்பது அதன் வேலை இல்லையாம். நினைப்பு இருக்கும்போதே நமக்கு எது முக்கியமோ அந்தப் பக்கம் நடக்கக் கற்றுக்கொள்வதுதானாம். "நான் போட்டுடுவேன்" என்று உள்ளே ஓடும்போது, "நான் போட்டுடுவேன்னு ஒரு நினைப்பு இப்ப வருது" என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். அதை எதிர்த்து வாதாட வேண்டாம், சரி என்று தலையாட்டவும் வேண்டாம். நெஞ்சு படபடக்கிறதா, படபடக்கட்டும், அதற்கு இடம் விடுங்கள் என்றாள். என்னைப் பார்த்து, நீங்கள் ஒவ்வொரு தடவையும் மாட்டீங்க என்று சொல்வதும் சண்டைக்குத்தான் துணை போகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்றாள். எனக்கு ஒரு குட்டு.

வீட்டுக்கு வந்தவர் அன்று மாலையே ஏற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். குளித்து, விபூதி பூசி, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி, "வா, உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். பத்து நிமிஷத்தில் ஒரு கண்ணைத் திறந்தார். போய்விட்டதா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். மறுபடி மூடினார். இரவு சாப்பாட்டுக்குள் நான்கைந்து முறை ஏற்றுக்கொண்டார், ஒவ்வொரு முறையும் முந்தினதைவிடப் பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஏற்பு நடந்தது. அது என்னவோ குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விடுவது போலத்தான் இருந்தது.

அடுத்த முறை போனதும் மேடத்திடம் புகாரே கொடுத்தார். நான் என் பக்கம் முழுக்க ஏற்றுக்கொண்டுவிட்டேன், அது இன்னும் போகவில்லை என்றார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"அங்கிள், போகணும்னு ஏத்துக்கிட்டா அது ஏத்துக்கிறது இல்ல. அதே சண்டைதான், வேற சட்டை போட்டிருக்கு. அது போகவும் செய்யலாம், இருக்கவும் செய்யலாம். அது உங்க கையில இல்ல. உங்க கை கால் உங்ககிட்ட இருக்கு. இந்த நினைப்பு ஆயுசுக்கும் இருக்கும்னு வெச்சுக்குங்க. அப்ப எந்த மாதிரி தாத்தாவா இருக்கணும்னு ஆசைப்படுவீங்க?"

மன நிம்மதியோடு இருக்கிற தாத்தாவாக என்றார். அது உங்களுக்குக் கிடைக்க வேண்டியது, உங்களிடமிருந்து குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதைச் சொல்லுங்கள் என்றாள். காது குத்தை நல்லபடியாக முடித்துவிட வேண்டும் என்றார். அது ஒரு வேலை, முடிந்தால் முடிந்தது. நான் கேட்பது முடிகிற விஷயம் இல்லை, எந்தத் திசையில் போகிறீர்கள் என்பது என்றாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்குப் பயமா இருக்கிற நேரத்துல என்கிட்ட வந்து ஒட்டிக்கணும். நான் நகரக் கூடாது" என்றார். சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்தார். இப்போது பயப்படுவது நான், நகர்ந்துகொண்டே இருப்பதும் நான் என்றார்.

அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பித்தது. பால்கனிப் பூட்டைக் கழற்றினார். துணிக்கட்டு குப்பைக்குப் போனது. அப்பா மடியில் வைத்துக்கொள்கிறார் என்று அகிலாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஒரே நாளில் மலையேற வேண்டாம், முதலில் தொட்டில் இருக்கும் அறையில் போய் உட்காருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சிப்பிகாட்டுக்குப் போனோம். உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. அந்த நினைப்பு வரத்தான் செய்தது. எழுந்து ஓடவில்லை, தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டினார். அகிலா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். கயிற்றைத் தொடுகிறார், பிள்ளையைத் தொடவில்லை என்றுதான் அவள் கண்ணுக்குப் பட்டிருக்கும். நாங்கள் கிளம்பும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் வரும் வழியெல்லாம் பஸ்ஸில், இப்போது குறைந்திருக்கிறதா, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நச்சரித்தேன். "மதி, அதை அளக்கிறதை நிறுத்துனாதான் எனக்கு மத்த வேலை ஓடும்" என்றார். ஹெட் கிளார்க் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

காது குத்து அன்று காலையில் சிப்பிகாட்டில் நல்ல மழை. மழை விடட்டும் என்று காத்திருந்தால் இந்த ஊரில் பாதி வருஷம் எதுவும் நடக்காது. எல்லோரும் நனைந்துகொண்டே வந்திருந்தார்கள். ஆசாரி ஊசியும் தங்கக் கம்பியுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மணைப்பலகை. ராசம்மா சம்பந்தி வாசலுக்கே வந்து, "வாங்கண்ணே, ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம், வந்து ஒக்காருங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். ரவியின் ஒன்றுவிட்ட அண்ணனும் புது வேட்டி கட்டி ஓரமாக நின்றார். அகிலா அவரை எதற்கும் தயாராக வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

இவர் மணையில் போய் உட்காரவில்லை. நேராக அகிலாவிடம் போனார். போச்சு என்று நினைத்தேன். வழக்கம்போல, நீங்கள் ஒன்றும் செய்ய மாட்டீர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். அகிலாவை உள் அறைக்குக் கூப்பிட்டார், நானும் பின்னாலேயே போனேன்.

"அகிலா, உன் மாமியார் வீடு எனக்கு அருவருப்பு இல்ல. தோட்டம் அது இதுன்னு அன்னைக்குப் பேசுனது என் புத்தி கெட்டதனம், அதுக்கு மன்னிச்சிரு. நான் பிள்ளையைத் தூக்காததுக்குக் காரணம் வேற. தூக்குனா கீழே போட்டுருவேன்னு எனக்கு ஒரு நினைப்பு வருது. பால்கனியில ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கேன். ஆபத்து இல்லைன்னு சொல்றாங்க. நினைப்பு இன்னும் போகல. இப்பவும் வருது. ஆனாலும் அவளை மடியில வெச்சுக்கணும்னு எனக்கு ஆசை. நீ சரின்னா வெச்சுக்கிறேன். வேண்டாம்னா இங்கேயே நின்னு பார்க்கிறேன், வீட்டுக்கு ஓட மாட்டேன்."

அகிலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான், இனி தரமாட்டாள் என்று நினைத்தேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எனக்கும் வருதுப்பா" என்றாள். "பின்னாடி கிணத்தடிக்குப் போனா வரும். அருவாமனையை எடுத்தா வரும். பிரசவமான வாரத்துல இருந்து. நான் பேயா, தாயான்னு எனக்கே தெரியல. ரவிகிட்டகூடச் சொல்லல. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருப்பேன்."

மூன்று மாசம் என் வீட்டில் என் பக்கத்தில் படுத்திருந்த பெண். கண் ஏன் இப்படிக் குழி விழுந்திருக்கிறது என்று கேட்டு, கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்திருக்கிறேன். வீட்டுக்காரரின் நினைப்பைக் காலை மாலை விசாரித்த எனக்கு மகளை ஒரு தடவை விசாரிக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வந்தும் எப்படித் தினமும் தூக்கினாய் என்று கேட்டார். அகிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பசிச்சு அழுவாளேப்பா. தூக்கித்தானே ஆகணும்" என்றாள்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், அந்த மேடம் உன்னைப் பேய் என்று சொல்ல மாட்டாள் என்றார். ரவிச்சந்திரனிடமும் சொல்லிவிடு, நானும் கூட இருக்கிறேன் என்றார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அகிலா அந்தக் கையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே குழந்தையைக் கொடுத்தாள்.

கூடத்துக்கு வந்து மணையில் உட்கார்ந்தார். ஒன்றுவிட்ட அண்ணன் பேசாமல் தேங்காய் உடைக்கப் போனார். ஆசாரி முதல் காதில் ஊசியை இறக்கியதும் குழந்தை வீடு அதிர வீறிட்டது. பல்லில்லாத வாயால் தாத்தாவின் சட்டையைக் கவ்விக்கொண்டு கதறியது. இவர் உதடு அசைந்தது. என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கட்டும், வேண்டுமானால் தாயிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசாரி சொன்னார். அகிலாவும் கையை நீட்டினாள்.

இவர் கொடுக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, மெல்லத் தன் நெஞ்சோடு திருப்பி, மறு காதை அவரே ஆசாரி பக்கம் காட்டினார்.